பத்து மணிக்கு மேல் யாருடைய அழைப்பு ஒலிக்கலாம்?

ஜெர்மனியில் மாலை ஐந்து மணி ஆகும்போது திருப்பூரில் இரவு 8.30. அங்கே குளிர்காலம் வந்து கடிகாரத்தை மாற்றிவிட்டால் 9.30. நியூயார்க்கில் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் உட்காரும்போது நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அவர் வேலையை முடித்துக் கிளம்பும்போது நமக்கு விடிகாலை 2.30ஐத் தாண்டியிருக்கும். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். லேப் டிப் சரியா இல்லையா, சாம்பிள் கிளம்பியதா, ஷிப்மென்ட் தேதி தள்ளுமா என்று வெளிநாட்டு பையர் கேட்கும் நேரமும், வீட்டில் எல்லோரும் தட்டின் முன்னால் உட்காரும் நேரமும் ஒன்றேதான்.

அப்படி ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் போனில் டீம்ஸ், அவுட்லுக், வாட்ஸ்அப் மூன்றும் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் பையர் குழு ஒன்று, டையிங் யூனிட் குழு ஒன்று, மேனேஜர், அவற்றுக்கு நடுவே கணவர், மகள் பள்ளியின் பெற்றோர் குழு, தாராபுரத்தில் தனியாக இருக்கும் அப்பா. இரவு எட்டேகாலிலிருந்து ஒன்பதேகால் வரை சாப்பாடு. பத்து மணிக்குப் படுக்கை, காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். இந்த இரண்டு நேரங்களிலும் வேலைச் செய்திகள் போனுக்கு வெளியே காத்திருக்க வேண்டும், ஆனால் அப்பாவுக்கு ஏதாவது என்றால் உடனே தெரிய வேண்டும். இதுதான் அவர் தேவை. நம்மில் பெரும்பாலோரின் தேவையும் இதுவே.

பலர் செய்வது, இரவில் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவது. அதில் இரண்டு ஆபத்து. அப்பாவின் அழைப்பும் சேர்ந்து அமுங்கிவிடும். காலையில் சைலன்ட்டை எடுக்க மறந்தால் பகல் பாதிவரை எந்த அழைப்பும் கேட்காது. இந்த இரண்டையும் தீர்க்கத்தான் போனுக்குள்ளேயே நேரம் குறித்து இயங்கும் வசதிகள் இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ‘Do Not Disturb’ ஒன்று, ‘Focus mode’ ஒன்று. ஐபோனில் 2021இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் இரண்டும் ‘Focus’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இருக்கின்றன.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பம் தொடங்குகிறது. டு நாட் டிஸ்டர்ப், வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுச் சிலரிடம் மட்டும் சாவி கொடுப்பது போன்றது. எல்லாம் அமைதியாகிவிடும், நாம் பெயர் சொன்னவர்கள் மட்டும் உள்ளே வரலாம். ஃபோகஸ் மோடு இதற்கு நேர் எதிர். கதவு திறந்தே இருக்கும், நாம் பெயர் சொன்ன செயலிகள் மட்டும் வெளியே நிற்கும். தூங்கும் நேரத்துக்கு முதல் வகை பொருந்தும், ஏனென்றால் அப்போது நம்மை எழுப்பத் தகுதியுள்ளவர்கள் மிகச் சிலரே. சாப்பாட்டு நேரத்துக்கு இரண்டாவது வகை பொருந்தும், ஏனென்றால் சித்தி கூப்பிடலாம், காஸ் சிலிண்டர்காரர் கூப்பிடலாம், அலுவலகம் மட்டும்தான் வேண்டாம். சாப்பாட்டுக்கு இரவுப் பூட்டைப் போடுகிறவர்கள் இரண்டு அழைப்புகளைத் தவறவிட்ட எரிச்சலில் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறார்கள். குற்றம் வசதியில் இல்லை, தேர்ந்தெடுத்த வகையில்.

முதலில் இரவு. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் இந்த வசதி இருக்கும் இடம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சாம்சங்கின் புதிய போன்களில் ‘Modes and Routines’ என்ற தலைப்பும், பிக்சலில் ‘Modes’ என்ற தலைப்பும் வந்துவிட்டன. எனவே தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் Do Not Disturb என்று எழுதினால் நேரே அங்கே கொண்டுபோய் விடும். உள்ளே போனதும் நேரத்தைத் தொடுவதற்கு முன்னால் விதிவிலக்கை முடிவு செய்வது நல்லது. யார் சாவி வைத்திருப்பது என்று தெரியாமல் பூட்டுகிற முதல் இரவில் நமக்கே தூக்கம் வராது.

அழைப்புகளுக்கான பகுதியில் எவரும், தொடர்புப் பட்டியலில் உள்ளவர்கள், நட்சத்திரமிட்டவர்கள், யாரும் வேண்டாம் என்று தேர்வுகள் இருக்கும். ‘Contacts’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேனேஜர் முதல் டையிங் மாஸ்டர் வரை எல்லோருக்கும் வழி திறந்துவிடும், அவர்கள் எண்ணெல்லாம் நம்மிடம் பதிவாகி இருக்கிறதே. ‘Starred contacts’ என்பதுதான் நமக்கு வேண்டியது. தொடர்புப் பட்டியலைத் திறந்து அப்பா, அப்பாவின் பக்கத்து வீட்டுக்காரர், கணவர், குடும்ப மருத்துவர் ஆகியோரின் பெயருக்கு மேலே உள்ள நட்சத்திரத்தைத் தொட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்ததில் பொருள் இருக்கிறது. வயதானவர் தடுக்கி விழுந்தால் பெரும்பாலும் அவரே கூப்பிடமாட்டார், ஓடிவந்தவர்தான் கூப்பிடுவார்.

நட்சத்திரம் இல்லாத, அறியாத எண்ணிலிருந்து உண்மையான அவசரம் வந்தால்? அதற்குத்தான் ‘Repeat callers’ என்ற தேர்வு. ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அது ஒலிக்கும். ஐபோனில் இதே வசதிக்கு ‘Allow Repeated Calls’ என்று பெயர், இடைவெளி மூன்று நிமிடம்தான். இதை இயக்கி வையுங்கள் என்றே சொல்வேன், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு. இரண்டாவது தடவை கூப்பிடுகிறவர் யார் என்று போன் பார்ப்பதில்லை. இரவு பதினோரு மணிக்கு விடாமல் கூப்பிடும் பழக்கமுள்ள மேனேஜரும் இந்த வழியாக வந்துவிடுவார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதைத் தவிர இதற்குப் போனில் தீர்வு கிடையாது. வீட்டில் வயதானவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்க வேண்டும்: எடுக்கவில்லை என்றால் உடனே இன்னொரு தடவை கூப்பிடுங்கள். அழைப்பவர் காதுக்கு வழக்கம்போல மணி அடிப்பதே கேட்கும். நம் போன் அமைதியாக இருப்பது அவருக்குத் தெரியாது. அதனால்தான் முன்கூட்டிச் சொல்லிவைப்பது முக்கியம்.

இனி நேரம். ‘Schedules’ என்ற பகுதியில் தூக்கத்துக்கென்று ஓர் அட்டவணை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதில் தொடக்கம் இரவு 10.00, முடிவு காலை 6.00 என்று வைத்து, எந்தெந்த நாட்கள் என்று குறிக்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டும் அட்டவணை, அது தொடங்கும் நாளின் கணக்கில் சேரும். ஞாயிறு காலை நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையை மட்டும் குறித்தால் அது ஞாயிறு இரவு பத்து மணிக்குத்தான் தொடங்கும். ஞாயிறு விடிகாலை அமைதியாக இருக்க சனிக்கிழமை குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘சனிக்கிழமை ராத்திரி மட்டும் வேலை செய்யவில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான்.

அதே பக்கத்தில் ‘Alarm can override end time’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது இயங்கினால், முடிவு நேரம் அல்லது அடுத்த அலாரம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது அமைதி முடிந்துவிடும். அப்பாவுக்கு மாத்திரையை நினைவூட்ட விடிகாலை நான்கரைக்கு அலாரம் வைத்துவிட்டு மறுபடி படுக்கிறவர்களுக்கு இதனால் மீதித் தூக்கம் கெடும். நியூயார்க்கின் மாலை அஞ்சல்கள் வந்து குவியும் நேரம் அதுதான். அவர்கள் இந்தப் பொத்தானை அணைத்துவிடலாம். அலாரம் எப்படியும் ஒலிக்கும், ஏனென்றால் டு நாட் டிஸ்டர்ப்பில் அலாரத்துக்குத் தனி அனுமதி உண்டு. அந்த அனுமதி இயங்குகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தை நிறுத்தினால் மட்டும் போதுமா என்பது ஆளைப் பொறுத்தது. செய்திகள் ஒலி இல்லாமல் வந்தாலும் திரையில் வரிசையாக நிற்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவர் மணி பார்க்கப் போனை எடுத்து, பையரின் பெயரைக் கண்டு, அரை மணி நேரம் பதில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். மறைந்திருக்கும் அறிவிப்புகளைத் திரையிலும் காட்ட வேண்டாம் என்று சொல்லும் தேர்வு ஆண்ட்ராய்டில் இருக்கிறது. ஐபோனின் ஃபோகஸில் செயலிகளின் மேல் தோன்றும் சிவப்பு எண்ணையும் மறைக்கலாம். எதுவும் அழிந்துபோவதில்லை. செய்தி வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், காலையில் எல்லாம் இருக்கும். மனம் அதை நம்பச் சில நாட்கள் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்தது சாப்பாடு. ஆண்ட்ராய்டில் ‘Digital Wellbeing’ பகுதிக்குள் ஃபோகஸ் மோடு இருக்கும். அங்கே டீம்ஸ், அவுட்லுக் இரண்டையும் குறித்து, இரவு 8.15 முதல் 9.15 வரை, திங்கள் முதல் சனி வரை என்று அட்டவணை போட்டால், அந்த ஒரு மணி நேரம் அவற்றின் படங்கள் மங்கிவிடும். அறிவிப்பு வராது. கை தன்னிச்சையாகப் போய்த் தொட்டாலும் இந்தச் செயலி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று போன் சொல்லும். உண்மையிலேயே தேவை என்றால் சில நிமிடங்களுக்கு மட்டும் திறந்துகொள்ளவும் வழி தரும். அந்த ஒரு நொடித் தடங்கலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு நடுவே வேலை புகுவதில் பாதி, அங்கிருந்து வந்த செய்தியால் அல்ல, ஏதாவது வந்திருக்குமோ என்று நாமே திறந்து பார்ப்பதால்தான்.

ஐபோனில் ஃபோகஸ் பகுதிக்குப் போய்ப் புதிதாக ஒன்றை உருவாக்கி, ‘சாப்பாடு’ என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். செயலிகள் பகுதியில் இரண்டு வழி உண்டு: இவற்றை மட்டும் அனுமதி, அல்லது இவற்றை மட்டும் அமைதியாக்கு. ஐஓஎஸ் 16 முதல் வந்த இரண்டாவது வழியைத்தான் சாப்பாட்டுக்கு எடுக்க வேண்டும். ஒரே ஃபோகஸுக்குப் பல நேரங்களைச் சேர்க்கலாம் என்பதால் மதியச் சாப்பாட்டையும் அதிலேயே எழுதிவிடலாம். ‘Time Sensitive Notifications’ என்ற அனுமதியை மட்டும் கவனிக்க வேண்டும். அது இயங்கினால், தன் செய்தி அவசரமானது என்று அடையாளமிட்டு அனுப்பும் செயலி அமைதியைத் தாண்டி வந்துவிடும். சாப்பாட்டு ஃபோகஸில் அதை அணைத்துவையுங்கள்.

சாப்பாட்டு நேரம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாத வீடுகளும் உண்டு. ஷிஃப்ட் மாறும், மாமனார் வரக் காத்திருக்க வேண்டியிருக்கும். அவர்களுக்கு அட்டவணையைவிட, திரையை மேலிருந்து இழுத்தால் வரும் பொத்தான்கள்தான் கைகொடுக்கும். ஃபோகஸ் மோடுக்கான பொத்தானை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாம். ஐபோனில் கன்ட்ரோல் சென்டரில் ஃபோகஸைத் திறந்தால் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் என்ற தேர்வு கிடைக்கும். தானே அணைந்துவிடும் என்பதால் மறக்கும் கவலை இல்லை.

இதுவரை எல்லாம் எளிது. நம் ஊரில் உண்மையான சிக்கல் வாட்ஸ்அப். டீம்ஸை நிறுத்தலாம், அது முழுக்க அலுவலகம். வாட்ஸ்அப்பை நிறுத்தினால் பையரோடு மகளும் நின்றுவிடுவாள், அவளுடைய வீடியோ அழைப்புகூட ஒலிக்காது. ஒரு குழுவை வாட்ஸ்அப்புக்குள்ளேயே ஊமையாக்கினால் அது எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்ற மூன்றில் ஒன்று. தினமும் இரவு எட்டேகாலுக்கு என்று சொல்ல வழியில்லை.

இதைச் சுத்தமாகப் பிரிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, வேலைக்கென்று இரண்டாவது எண். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இரண்டு சிம் போட இடம் இருக்கிறது. இரண்டாவது எண்ணை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பதிவுசெய்ய வேண்டும். அது தனிச் செயலி என்பதால் ஃபோகஸ் மோடில் அதை மட்டும் குறித்துவிடலாம். குடும்ப வாட்ஸ்அப் எப்போதும்போல இயங்கும். ஒரே எண் இரண்டு செயலிகளிலும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்பதால் புதிய எண் கட்டாயம் தேவை. வேலைக் குழுக்களின் அட்மின்களிடம் சொல்லிப் புதிய எண்ணைச் சேர்த்து, பழைய எண்ணில் அந்தக் குழுக்களிலிருந்து விலக வேண்டும். பழைய எண்ணுக்கே பழகிய பையர்கள் மாறச் சில வாரம் ஆகும். அலுப்பான வேலைதான், ஆனாலும் ஒரு தடவை செய்தால் போதும்.

இரண்டாவது எண் முடியாதவர்களுக்கு ஆண்ட்ராய்டு 11 முதல் வேறொரு வழி உண்டு. கணவரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்ததும், அறிவிப்பை அழுத்திப் பிடித்தால் ‘Priority’ என்ற தேர்வு வரும். அதைத் தொட்டால் அந்த உரையாடல் முதன்மையானதாகிவிடும். பிறகு டு நாட் டிஸ்டர்ப்பில் உரையாடல்கள் பகுதிக்குப் போய், முதன்மை உரையாடல்களை மட்டும் அனுமதி என்று வைக்க வேண்டும். இப்போது வாட்ஸ்அப் முழுவதும் அமைதியாக இருக்கும்போதே கணவர், மகள், அப்பா ஆகிய மூன்று உரையாடல்கள் மட்டும் ஒலிக்கும். ஆனால் இது பூட்டு வகை, எனவே சாப்பாட்டு நேரத்திலும் மற்ற எல்லாம் அமுங்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குத் தனி அட்டவணை போட்டு, அதில் மட்டும் அழைப்புகளைக் கொஞ்சம் தாராளமாகத் திறந்துவிட்டால் ஓரளவு சரிப்படும்.

எல்லாம் வைத்தாயிற்று என்று அன்றிரவே அதை நம்பிப் படுக்காமல், பகலில் ஒரு தடவை சோதிக்க வேண்டும். இரவு அட்டவணையின் தொடக்கத்தை இப்போதிலிருந்து இரண்டு நிமிடம் தள்ளி வைத்துவிட்டுப் போனைப் பக்கத்தில் வையுங்கள். நேரம் வந்ததும் மேல்பட்டையில் டு நாட் டிஸ்டர்ப் அடையாளம் தோன்றும். நட்சத்திரமிட்ட ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், ஒலிக்க வேண்டும். நட்சத்திரம் இல்லாத ஒருவர் கூப்பிட்டால் ஒலிக்கக் கூடாது, உடனே மறுபடி கூப்பிட்டால் ஒலிக்க வேண்டும். பிறகு இருவரையும் வாட்ஸ்அப் வழியாகக் கூப்பிடச் சொல்லுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். சாதாரண அழைப்புக்குக் கொடுத்த அனுமதி வாட்ஸ்அப் அழைப்புக்கும் பொருந்தும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது, உங்கள் போனில் எப்படி என்பதைச் சோதித்துத்தான் அறிய வேண்டும். அப்பா வாட்ஸ்அப்பில் மட்டுமே கூப்பிடுகிறவர் என்றால், அவசரத்துக்குச் சாதாரண அழைப்பையே பயன்படுத்தப் பழக்குவது இன்னும் பாதுகாப்பு. சோதனை முடிந்ததும் தொடக்க நேரத்தைப் பத்து மணிக்கே திருப்பிவிடுங்கள்.

சில நாள் கழித்து இரவில் மறுபடி சத்தம் கேட்டால் இரண்டு காரணங்களை முதலில் பாருங்கள். இரவு பதினோரு மணிக்கு ஏதோ தேவைக்காக டு நாட் டிஸ்டர்ப்பை நாமே அணைத்திருப்போம். அப்படி அணைத்தால் அன்றிரவு அது தானாகத் திரும்ப வராது, மறுநாள் பத்து மணிக்குத்தான் வரும். இல்லையென்றால் சத்தம் போனிலிருந்தே வந்திருக்காது. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச், மேசையில் மூடாமல் வைத்த மடிக்கணினி ஆகியவை தனித்தனிக் கருவிகள். வாட்சின் செயலியில் போனோடு சேர்ந்து அமைதியாகு என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸில் ‘System’, அதற்குள் ‘Notifications’ என்று போனால், டு நாட் டிஸ்டர்ப் தானாகத் தொடங்கும் நேரத்தைக் குறிக்கலாம். டீம்ஸின் போன் செயலியிலேயே தினசரி அமைதி நேரம் வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அது போனை மட்டுமே கட்டுப்படுத்தும், கணினியில் டீம்ஸ் எப்போதும்போல மணி அடிக்கும்.

பெறுகிறவர் பக்கம் இவ்வளவு வேலை இருக்கிறது. அனுப்புகிறவர் பக்கம் வேலை மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் விஷயம். ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் நிறுவனம் 2011இல் தொழிற்சங்கத்தோடு பேசி, ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு ஷிஃப்ட் முடிந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு பிளாக்பெர்ரி போன்களுக்கு அஞ்சல் போவதை சர்வரிலேயே நிறுத்தியது. அடுத்த ஷிஃப்ட்டுக்கு அரை மணி நேரம் முன்னால்தான் மறுபடி திறந்தது. பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பை விலக்கிவைக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்ற சட்டம் 2017 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது. திருப்பூரின் ஒரு சிறிய ஏற்றுமதி அலுவலகம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவு ஒன்பதரைக்கு நினைவு வந்ததை மேனேஜர் எழுதட்டும், மறந்துவிடும் என்றால் அப்போதே எழுதுவதுதான் சரி. ஜிமெயிலில் அனுப்பும் பொத்தானை ஒட்டியுள்ள சிறு அம்புக்குறியைத் தொட்டால் ‘Schedule send’ வரும், நாளைக் காலை 8.30 என்று வைத்தால் அஞ்சல் அதுவரை அவரிடமே இருக்கும். போன் செயலியில் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளுக்குள் அதே தேர்வு இருக்கிறது. அவுட்லுக்கிலும் டீம்ஸிலும்கூட உண்டு. பையருக்கு இரவே பதில் போக வேண்டிய ஷிப்மென்ட் நாட்களில், எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது என்று சாயங்காலமே பேசிவைத்து, அந்த ஒருவரின் பெயருக்கு மட்டும் அந்த வாரம் நட்சத்திரம் போட்டுக்கொள்ளலாம். ஷிப்மென்ட் கிளம்பியதும் அதை எடுத்துவிட வேண்டும்.